குழுவுக்குச் சொந்தமாக ஸ்டிக்கர்: வரைவதிலிருந்து டெலிகிராமில் ஏற்றுவது வரை

எங்கள் மாடித்தோட்டக் குழு டெலிகிராமில் இருக்கிறது. காலையில் யாராவது ஒருவர், செம்பருத்திக் கிளையில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருப்பதைப் படம் பிடித்துப் போட்டு "இது என்ன பூச்சி?" என்று கேட்பார். நாலு பேர் "மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய் அடிங்க" என்று பதில் எழுதுவார்கள். அடுத்த வாரம் வேறொருவர், அதே படம், அதே பதில். இப்படித் திரும்பத் திரும்ப எழுதுவதையெல்லாம் ஸ்டிக்கராக மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்து, 12 ஸ்டிக்கர் கொண்ட ஒரு தொகுப்பைச் செய்து ஏற்றினோம். அதை எப்படிச் செய்தோம், எங்கே இடறினோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கணினியில் கிம்ப் என்ற இலவச மென்பொருள், ஒரு கறுப்புப் பேனா, வெள்ளைத் தாள், போன் கேமரா இருந்தால் போதும்.

முதலில் எதை வரைவது

குழுவின் பழைய உரையாடலை ஒரு மாத அளவுக்குப் பின்னால் தள்ளிப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்தவை: "என்ன பூச்சி இது?", "வேப்பெண்ணெய் அடிங்க", "தண்ணி அதிகம்", "படம் கிட்டத்துல எடுத்துப் போடுங்க", "விதை இருக்கா?", "அறுவடை!" இந்த மாதிரி. "குட் மார்னிங்", "நன்றி" எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம், அவை ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. உங்கள் குழுவில் மட்டும் பேசுகிற பேச்சு எதுவோ அதுதான் ஸ்டிக்கராக வேண்டும்.

ஒரு தொகுப்பில் 120 நிலையான ஸ்டிக்கர் வரை வைக்கலாம் என்று டெலிகிராம் விடுகிறது. ஆனால் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் தேடி எடுப்பதற்குள் பேச்சு நகர்ந்துவிடும். பிற்பாடு சேர்த்துக்கொள்ள முடியும், அதனால் அவசரமில்லை.

வரையும்போது மூன்று விஷயம். படத்தைத் தாளின் நடுவில், உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வரையுங்கள், நாலு பக்கமும் இடம் விடுங்கள். வெளிக்கோட்டைத் தடித்த பேனாவால் போடுங்கள். அந்தக் கோட்டில் இடைவெளியே இருக்கக் கூடாது. இந்த மூன்றாவதுதான் எங்களைப் படுத்தியது, ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

பின்னணியை எடுப்பது

தாளை ஜன்னலோரம் வைத்து, நேர் வெயில் படாமல், நிழல் விழாமல், மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். கணினிக்கு மாற்றிக் கிம்ப்பில் திறந்தால், தாள் வெள்ளையாக இருக்காது, சாம்பல் கலந்து இருக்கும். `Colors > Levels` போய், கீழே இருக்கும் மூன்று முக்கோணங்களில் வலப்பக்கத்து வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்துங்கள். தாள் பளிச்சென்று வெளுக்கும். கோடு மங்கினால், இடப்பக்கத்துக் கறுப்பு முக்கோணத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் சரியாகிவிடும்.

அடுத்தது `Layer > Transparency > Add Alpha Channel`. புதிதாகச் செய்கிறவர்கள் அதிகமாக விட்டுவிடுகிற படி இதுதான். கேமராவில் எடுத்த ஜேபெக் படத்தில் 'இங்கே ஒன்றுமே இல்லை' என்று சொல்ல வழியே கிடையாது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஏதாவது ஒரு நிறம் இருந்தாக வேண்டும். ஆல்ஃபா சேனல் சேர்த்தால்தான் ஒரு புள்ளி வெறுமையாக இருக்க முடியும். இதைச் செய்யாமல் அழித்தால், அழித்த இடத்தில் திரும்பவும் ஒரு நிறம்தான் வந்து உட்காரும், பெரும்பாலும் வெள்ளை, அதனால் அழிந்ததா இல்லையா என்றே தெரியாது. அந்த மெனு வரி மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று பொருள், மேலே போகலாம்.

இப்போது மந்திரக்கோல் மாதிரிப் படம் போட்ட `Fuzzy Select` கருவியை எடுத்து, படத்துக்கு வெளியே வெள்ளைப் பகுதியில் ஒரு முறை அழுத்துங்கள். தொட்ட இடத்தோடு ஒட்டியிருக்கும் வெள்ளை முழுவதும் தேர்வாகும். உடனே அழித்துவிடாதீர்கள். `Select > Grow` போய் 1 அல்லது 2 என்று கொடுத்த பிறகு `Delete` அழுத்துங்கள். கோட்டுக்கும் தாளுக்கும் நடுவே பாதிச் சாம்பலாக ஒரு விளிம்பு இருக்கும், அந்த ஒன்றிரண்டு புள்ளிகளையும் சேர்த்து அழித்தால்தான் சுத்தமாக வரும். அழிந்த இடம் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டம் படத்தில் இல்லை, வெறுமையைக் காட்டக் கிம்ப் போடும் அடையாளம். இணையத்தில் தேடி எடுக்கும் 'பின்னணி இல்லாத' படங்கள் பலவற்றில் இந்தக் கட்டமே படமாக ஒட்டியிருக்கும், திறந்து பார்த்து ஒரு கட்டத்தின் மேல் `Fuzzy Select` அழுத்தினால், சாம்பல் கட்டம் தனியாகத் தேர்வானால், அது ஏமாற்றுப் படம்.

எங்கள் மாவுப்பூச்சி இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. பூச்சியும் வெள்ளை, தாளும் வெள்ளை, நடுவில் ஒரு பேனாக்கோடு மட்டும். வெளியே அழுத்தினால் பூச்சியின் உடம்பும் சேர்ந்து தேர்வாகி, அழித்தபோது கால்களும் கோடும் மட்டும் மிஞ்சி, உடம்பு முழுக்க ஓட்டையாகிவிட்டது. படத்தை 400 சதவீதம் பெரிதாக்கித் தேடியபோது, மூன்றாவது காலுக்குப் பக்கத்தில் கோட்டில் ஒரு மயிரிழை இடைவெளி. பேனா தாளில் சரியாகப் பதியாத இடம். அந்த வழியாகத் தேர்வு உள்ளே கசிந்துவிட்டது. `Ctrl+Z` போட்டுப் பின்னால் வந்து, கறுப்புத் தூரிகையால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து அடைத்த பிறகு, வெளிப்பக்கம் மட்டும் தனியாக அழிந்தது. உள்ளே வெள்ளை இருக்கும் எந்தப் படத்துக்கும், முட்டை, மல்லிகைப்பூ, பல், எதுவாக இருந்தாலும், `Select by Color` கருவியைத் தொடாதீர்கள். அது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காது, எங்கெல்லாம் வெள்ளையோ அத்தனையையும் எடுத்துவிடும். இந்த மாதிரிப் படங்களை வெளிர்நீலத் தாளில் வரைந்து, உடம்புக்கு மட்டும் வெள்ளை தீட்டிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது என்பது பிறகுதான் தோன்றியது.

வெள்ளை ஓரம்

பின்னணி போனதும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் குழுவில் பாதிப் பேர் போனை இருட்டுத் தீமில் வைத்திருப்பார்கள். கறுப்புக் கோட்டில் வரைந்த படம் கறுப்புத் திரையில் போய் விழுந்தால் எதுவும் தெரியாது. அதனால் படத்தைச் சுற்றி வெள்ளையில் ஒரு ஓரம் வேண்டும், கடையில் கிடைக்கும் ஒட்டுப்படத்தைச் சுற்றி இருக்குமே, அது மாதிரி.

`Layer > Transparency > Alpha to Selection` அழுத்தினால் படத்தின் உருவம் மட்டும் தேர்வாகும். `Select > Grow` போய் ஓரத்தின் அகலத்தைக் கொடுங்கள். கடைசி அளவான 512 புள்ளியில் 8 புள்ளி அகலம் போதும், நீங்கள் இப்போது வேலை செய்யும் படம் அதைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் 24 கொடுக்க வேண்டும். பிறகு ஒரு புது லேயர் போட்டு, அதைப் படத்துக்குக் கீழே இழுத்து வைத்து, வெள்ளை ஊற்றுங்கள். வரையும்போது நாலு பக்கமும் இடம் விடச் சொன்னது இதற்காகத்தான், இடம் இல்லாவிட்டால் ஓரம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு நிற்கும்.

`Select > None` அழுத்தித் தேர்வை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு லேயர் போட்டு அடர்கறுப்பு ஊற்றிப் பாருங்கள். அங்கங்கே அழியாமல் கிடக்கும் தூசி, தாளின் அழுக்கு எல்லாம் கறுப்பில் பளிச்சென்று தெரியும், அழிப்பானால் எடுத்துவிடுங்கள். பிறகு அதே லேயரை வெளிர்நிறமாக மாற்றி ஒரு முறை. இரண்டிலும் படம் நின்றால் அந்த லேயரை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

தமிழ் எழுத்து

ஸ்டிக்கர் அரட்டையில் தெரிவது கிட்டத்தட்டக் கட்டைவிரல் நீளம்தான். "வேப்பெண்ணெய் அடிங்க" என்பதை ஒரே வரியில் போட்டால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். இரண்டு வரியாக உடையுங்கள். 'ண்ணெ' போன்ற இடங்களில் சுழி நெருக்கமாக இருப்பதால், மெல்லிய எழுத்தில் கோடு கரைந்துபோகும், மிகத் தடித்த எழுத்தில் சுழியின் உள்ளிடம் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகத் தெரியும். நடுத்தரத் தடிமன்தான் தாங்கியது. மெய்யெழுத்தின் புள்ளியையும் கவனியுங்கள், எழுத்தைச் சுற்றி நிறத்தில் ஓரம் கொடுத்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டி மறைந்துவிடும், "அடிங்க" என்பது "அடிஙக" ஆகிவிடும். எழுத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டை வைத்து அதன்மேல் எழுதினால் தெளிவாக இருக்கிறது.

எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரான், பாலு தம்பி போன்றவை இலவசமாக, திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. தட்டிய பிறகு 'கொ', 'ணெ' போன்ற எழுத்துகளைக் குறிப்பாகப் பாருங்கள். சில மென்பொருளில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அப்படி வந்தால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, அந்த மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை. கிம்ப்பில் எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

அளவும் கோப்பும்

`Image > Crop to Content` அழுத்தினால் சுற்றியிருக்கும் வெற்றிடம் வெட்டுப்படும். பிறகு `Image > Scale Image`, அகலம் உயரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சங்கிலி இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இரண்டில் எது பெரியதோ அதை 512 ஆக்குங்கள். டெலிகிராமின் விதி இதுதான்: ஒரு பக்கம் சரியாக 512 புள்ளி, இன்னொரு பக்கம் 512 அல்லது அதற்குக் குறைவு. 512×380 செல்லும். 500×500 செல்லாது, 513 இருந்தாலும் செல்லாது. சதுரமாக்குவதற்காகப் படத்தை நசுக்க வேண்டியதில்லை.

`File > Export As` போய்ப் பெயரின் முடிவில் `.png` என்று கொடுத்துச் சேமியுங்கள். `.jpg` கொடுத்தால் இவ்வளவு நேரம் எடுத்த பின்னணி ஒரு நொடியில் திரும்ப வந்துவிடும். கோப்பு 512 கேபிக்குள் இருக்க வேண்டும். பேனாக்கோடும் தட்டை நிறமும் கொண்ட படம் அந்த எல்லைக்கு வெகு கீழேயே நிற்கும், கலர் பென்சில் சொரசொரப்பும் புகைப்படமும்தான் எடை ஏற்றும். அப்படி மீறினால் `.webp` ஆகச் சேமித்துப் பாருங்கள், அதையும் டெலிகிராம் ஏற்கும்.

பன்னிரண்டு படத்தையும் கிம்ப்பில் திறந்து சிறிதாக்கச் சலிப்பாக இருந்தால், இமேஜ்மேஜிக் நிறுவியிருப்பவர்கள் படத்துக்கு இந்த ஒரு வரியில் வெட்டுவதையும் அளவு மாற்றுவதையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம்:

```
magick poochi.png -trim +repage -resize 512x512 poochi-512.png
```

ஏற்றுவது

டெலிகிராமில் `@Stickers` என்று தேடுங்கள். நீல டிக் உள்ள, தானாகப் பதில் சொல்லும் போட் அதுதான், அதே சாயலில் பெயர் வைத்த வேறு போட்களைத் தொடாதீர்கள். எந்தக் கணக்கிலிருந்து செய்கிறீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள், தொகுப்பு அந்தக் கணக்கின் பெயரில்தான் இருக்கும், நாளைக்கு ஒரு படத்தை மாற்ற அந்த ஆளால்தான் முடியும். நாலு மாதத்தில் எண்ணை மாற்றிவிட்டுப் போகிறவர் செய்ய வேண்டாம்.

`/newpack` என்று அனுப்பினால் தொகுப்பின் பெயரைக் கேட்கும், தமிழிலேயே கொடுக்கலாம். அடுத்து முதல் படத்தைக் கேட்கும். இங்கே படத்தைப் புகைப்படமாக அனுப்பக் கூடாது, கோப்பாக அனுப்ப வேண்டும். போனில் இணைப்புக் குறியைத் தொட்டு `File` வழியாகப் போங்கள், கணினியில் என்றால் படத்தை இழுத்துப் போட்டதும் வரும் பெட்டியில் `Compress images` டிக்கை எடுத்துவிடுங்கள். புகைப்படமாக அனுப்பினால் டெலிகிராமே அதை ஜேபெக் ஆக்கிவிடும். இதே காரணத்தால், குழுவில் ஒருவர் வரைந்து இன்னொருவர் ஏற்றுவதாக இருந்தால், நடுவில் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கவே கூடாது. எங்களுக்கு 'அறுவடை' ஸ்டிக்கர் அப்படித்தான் பின்னணியோடு வந்து சேர்ந்தது. கோப்பாகவோ மின்னஞ்சலிலோ வாங்குங்கள்.

படம் ஏறியதும் அதற்கு ஏற்ற எமோஜியைக் கேட்கும். இதை ஏனோதானோவென்று கொடுக்காதீர்கள். உறுப்பினர் அந்த எமோஜியைத் தட்டும்போது, தொகுப்பைச் சேர்த்திருந்தால் உங்கள் ஸ்டிக்கர் மேலே எட்டிப் பார்க்கும். மாவுப்பூச்சிக்கு 🐛, தண்ணி அதிகத்துக்கு 💧, அறுவடைக்கு 🍆 என்று கொடுத்தோம். ஒரு ஸ்டிக்கருக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

எல்லாம் ஏற்றிய பிறகு `/publish`. தொகுப்புக்கு ஒரு சின்ன அடையாளப் படம் கேட்கும், 100×100 அளவில். இல்லையென்றால் `/skip` அனுப்புங்கள், முதல் ஸ்டிக்கரே அடையாளமாகிவிடும். கடைசியாக இணைப்புக்கு ஒரு சுருக்கப் பெயர். இதில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் செல்லும், வேறு யாரும் எடுத்திருக்கக் கூடாது. `t.me/addstickers/` என்பதோடு அந்தப் பெயர் சேர்ந்து உங்கள் இணைப்பு வந்துவிடும், அதைக் குழுவில் போட்டு, மேலே நிற்கும்படி `Pin` செய்யுங்கள். குழுவில் 100 பேருக்கு மேல் இருந்தால், அட்மின் குழு அமைப்பில் இதையே குழுவின் ஸ்டிக்கர் தொகுப்பாக வைத்துவிடலாம், அப்போது உறுப்பினர்கள் தனியாகச் சேர்க்காமலே அந்தக் குழுவுக்குள் பயன்படுத்த முடியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்பைக் குழுவுக்குள் பூட்டி வைக்க முடியாது. யாராவது ஒரு ஸ்டிக்கரை வேறு அரட்டையில் அனுப்பினால், அங்கே இருப்பவர் அதைத் தொட்டு மொத்தத் தொகுப்பையும் பார்க்கலாம், சேர்த்துக்கொள்ளலாம். எனவே உறுப்பினர் முகத்தை வைத்து ஸ்டிக்கர் செய்வதாக இருந்தால் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், குழந்தைகள் முகம் வேண்டவே வேண்டாம். சினிமாக் காட்சிகளை வெட்டிப் போடுவது நம் ஊரில் சகஜம், ஆனால் உரிமை உள்ளவர் புகார் கொடுத்தால் தொகுப்பு போய்விடும், நீங்கள் கையால் வரைந்த பதினொன்றும் அதோடு சேர்ந்து போகும்.

எமோஜியாக வேண்டுமென்றால்

அதே போட், `/newemojipack`, அளவு சரியாக 100×100. வரியின் நடுவே எழுத்து உயரத்துக்குத் தெரியப்போவதால் அதில் தமிழ் வார்த்தை எதுவும் நிற்காது. ஒரே ஒரு பொருள், தடித்த கோடு, இரண்டு மூன்று நிறம், அவ்வளவுதான். எங்கள் மாவுப்பூச்சியின் கால்களையே எடுத்துவிட்டு, உடம்பையும் கண்ணையும் மட்டும் வைக்க வேண்டியிருந்தது. இன்னொரு வரம்பும் உண்டு: இப்படிச் செய்த எமோஜியை டெலிகிராம் பிரீமியம் கட்டியவர்தான் எங்கும் அனுப்ப முடியும். பிரீமியம் உறுப்பினர்கள் தரும் பூஸ்ட் குழுவுக்குப் போதுமான அளவு கிடைத்திருந்தால் குழுவுக்குள் மட்டும் எல்லோரும் பயன்படுத்தலாம். பெரும்பாலான சின்னக் குழுக்களுக்கு ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

வாட்ஸ்அப், டிஸ்கார்டுக்கு

அதே படங்களை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோகலாம், விதிதான் வேறு. அங்கே ஒவ்வொன்றும் சரியாக 512×512 சதுரம், `.webp` கோப்பு, 100 கேபிக்குள். நாலு பக்கமும் 16 புள்ளி வெற்றிடம் விடச் சொல்கிறார்கள், ஆக படத்துக்கு 480 மிச்சம். ஒரு தொகுப்பில் குறைந்தது 3, அதிகம் 30. நசுக்காமல் சதுரத்தில் உட்கார வைக்க:

```
magick poochi.png -trim +repage -resize 480x480 -background none -gravity center -extent 512x512 -quality 80 poochi.webp
```

தொகுப்பாக ஏற்ற ஸ்டிக்கர் செய்யும் செயலி ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தலாம்.

டிஸ்கார்டில் ஸ்டிக்கர் 320×320, 512 கேபிக்குள், எமோஜி 128×128, 256 கேபிக்குள். பணம் கட்டாத சர்வரில் ஸ்டிக்கருக்கு 5 இடமும் நிலையான எமோஜிக்கு 50 இடமும் இருக்கும், ஏற்றுவதற்கு உங்கள் ரோலில் அந்த அனுமதி இருக்க வேண்டும்.

ஏற்றிய பிறகு

ஒரு மாதம் கழித்து `@Stickers` போட்டில் `/stats` அனுப்பி ஒவ்வொரு ஸ்டிக்கரையும் கேட்டுப் பாருங்கள், எத்தனை முறை பயன்பட்டது என்று சொல்லும். எங்கள் "விதை இருக்கா?" யாரும் தொடாமலே கிடந்தது. விசாரித்தபோது, எந்த விதை என்று எப்படியும் தட்டத்தான் வேண்டியிருக்கிறது, பிறகு ஸ்டிக்கர் எதற்கு என்றார் ஒரு அக்கா. சரியான பேச்சு. `/replacesticker` அனுப்பி, அந்த இடத்தில் "விதை அனுப்பியாச்சு" என்று கையில் கவரோடு ஒரு படத்தை வைத்தோம். மாற்றம் எல்லோருக்கும் போய்ச் சேர ஒரு மணி நேரம் வரை ஆகலாம், உடனே தெரியவில்லையே என்று திரும்ப ஏற்றாதீர்கள்.